பாடம் நடத்திய மலை

எருக்கம்பட்டில் பள்ளிக்கூடம் நடத்தியது எதிர்மலை. இதைக் கேட்டு யாராவது வாயைப் பிளந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிடும், உங்க ஊர்ல யாரு நடத்துறாங்க என்று திருப்பிக் கேட்பார்கள், வாத்தியார்தான் என்று சொன்னால் அவர் தினமும் வருவாரா, உடம்புக்கு முடியாமல் போகாதா, மாறுதல் வாங்கிக்கொண்டு கிளம்பமாட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நம்மை மடக்கிவிட்டு, எங்க மலை எங்கயும் போகாது என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். கல்வராயன் மலையில் கடைசிப் பேருந்து திரும்பும் வளைவிலிருந்து மேலே ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற ஊர் அது. ஊருக்கு இந்தப்பக்கம் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், நடுவில் ஆழமான பள்ளம், அந்தப்பக்கம் அந்த மலை. அதற்கு முன்னோர் வைத்த பெயர் ஊமைக்குன்று. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

முன்பு அங்கே தேவசகாயம் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். வெண்கலத் தொண்டை. ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்கடா என்று அவர் பாடத்தைத் தொடங்கினால் பிள்ளைகள் ஒரு தரம் சொல்லும், மலை ஒரு தரம் சொல்லும், ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண்களும் ஒரு தரம் சொல்வார்கள். அவர் பணி ஓய்வு பெற்று இறங்கிப் போன மறுநாள், பூட்டிய பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, எதிர்மலை ஒருமுறை செருமிக்கொண்டு, அவருடைய அதே குரலில், "எல்லாம் உக்காருங்கடா" என்றது. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பாடம் தொடங்கியது.

அதற்குப் பிறகு அந்த ஊர் தன்னை மலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட அழகு இருக்கிறதே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மலை ஆனியில் முதல் பாடத்தைத் தொடங்கிச் சித்திரையில் கடைசிப் பாடத்தை முடித்தது, ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்கவில்லை, கோடை விடுமுறையில் ஒரு இருமல்கூட இல்லை. அது ஆறாம் வாய்ப்பாட்டுக்கு வந்ததும் மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டினார்கள், மனப்பாடச் செய்யுளுக்கு வந்ததும் சாமைக் காட்டில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள், பள்ளி நேரத்தில் யாரும் மேளம் கொட்டவில்லை, கல்யாணங்களை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். பதினொன்றரை மணிக்கு மலை, "அங்கம்மா, டீ ஆச்சா?" என்று கேட்கும். சத்துணவு சமைக்கிற அங்கம்மா அடுப்படியிலிருந்து, "இந்தா ஆச்சுங்க சாரு" என்று பதில் சொல்லி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய்ப் பள்ளத்தைப் பார்த்த திட்டில் வைத்துவிட்டு வருவாள். டீ ஆறிப்போகும், ஆனால் மரியாதை மரியாதைதான்.

நிறைமதி இந்த ஊருக்கு வந்தது தை மாதம், பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம். சின்னசேலத்துப் பெண், இருபத்து மூன்று வயது, கலந்தாய்வில் கணினித் திரையில் மிச்சமிருந்த இடங்களில் எருக்கம்பட்டைத் தொட்டுக் காட்டியவள். பக்கத்து ஊர் ஆசிரியர் செல்வராசு மாற்றுப்பணியில் வாரத்துக்கு ஒருநாள் வந்து அந்தப் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அன்று காலை வளைவில் காத்திருந்து கூட்டிவந்து, சாவியைக் கொடுத்து, இன்று முற்பகல் பணியேற்றேன் என்று அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சேர்ப்பதற்காகச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"வருகைப் பதிவைப் போன்ல போடணும். சிக்னல் அந்தப் பாறை மேல ஏறுனாத்தான் கிடைக்கும், பாத்து ஏறுங்கம்மா, வழுக்கும்" என்றார். "பாடத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. அது தானா நடக்கும்."

"தானா எப்படி சார் நடக்கும்?"

"நடக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் விளக்கம் கேட்டால் தன் மரியாதை போய்விடும் என்பதுபோல வேகமாக இறங்கிப் போனார்.

ஒன்பதரைக்கு மலை செருமியது. பிள்ளைகள் நிறைமதிக்கு அழகாக வணக்கம் சொல்லிவிட்டு அவளைக் கடந்துபோய், ஜன்னலைப் பார்த்து வரிசையாகப் பாயில் உட்கார்ந்தார்கள். மலை ஒரு வரி சொன்னது, அவர்கள் ஒரு வரி சொன்னார்கள். மலை இருமியபோது காத்திருந்தார்கள். மலை, "டேய், பின்னால யாருடா அது பேசுறது?" என்று அதட்டியபோது பின்வரிசையில் பேசாமல் இருந்தவனும் வாயைப் பொத்திக்கொண்டான். நிறைமதி கையில் சுண்ணக்கட்டியோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். தன் முதல் நாள் எப்படியிருக்கும் என்று பேருந்தில் வரும்போது பலவிதமாக நினைத்துப் பார்த்திருந்தாள், பிள்ளைகள் அழும், ஓடும், அடங்காது என்றெல்லாம் நினைத்திருந்தாள், தனக்கு அங்கே வேலையே இருக்காது என்று மட்டும் நினைக்கவில்லை.

ஆனாலும் கேட்கக் கேட்க அவளுக்கு மெய் சிலிர்த்தது. ஒரு பிசிறு இல்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஐந்தாம் வகுப்புச் செய்யுளைச் சொன்னது. ஐந்தாம் வகுப்பில் குமுதா என்று ஒரு பெண், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை, மடியில் தமிழ்ப் புத்தகம், பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே குரல் இறங்காமல் சொல்லிக்கொண்டு போனாள். வாசலில் ஒரு மனிதர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஊர்க்கவுண்டர் பொன்னுசாமி. குமுதாவின் அப்பா.

"பாத்தீங்களா டீச்சரு, எம் பொண்ணு படிக்கிறத? வர்ற ஆனியில கீழ உண்டு உறைவிடப் பள்ளியில ஆறாவது சேக்கப் போறேன். இவளாச்சும் படிச்சு உங்களாட்டம் வரணும்."

"நல்லாப் படிக்கிறாங்க அண்ணா. இதுக்கு முன்னாடி இங்கிருந்து யாரும் போகலீங்களா?"

"போனாங்களே, மூணு பசங்க. திரும்பி வந்துட்டாங்க. ஒருத்தன் சோறு ஒத்துக்கலன்னான், ஒருத்தன் கொசுவுன்னான், ஒருத்தன் ஒண்ணுமே சொல்லல, ஆடு ஓட்டிக்கிட்டு கெடக்கான். கீழ பள்ளிக்கூடம் சரியில்லீங்க. நம்ம மலையாட்டம் அங்க யாரு சொல்லித் தர்றாங்க?"

நிறைமதி படித்த பயிற்சிப் பள்ளியில் அவளுடைய ஆசிரியை ஒரு பழக்கத்தைப் பிடிவாதமாகக் கற்றுக்கொடுத்திருந்தார். எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் நாள் பாடம் எடுக்காதே, ஒவ்வொரு குழந்தையாகப் பக்கத்தில் உட்காரவைத்து அதற்கு என்ன தெரியும் என்று பார், கூட்டமாகச் சொல்லும்போது எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான் இருக்கும். வேறு வேலை இல்லாததால் நிறைமதி அதைச் செய்யலாம் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குமுதாவை அழைத்தாள். புத்தகத்தில் ஒரு வரியின் நடுவிலிருந்த ஒரு சொல்லில் விரலை வைத்தாள்.

"இது என்னடா கண்ணு?"

குமுதா சிரித்தாள். இது ஒரு கேள்வியா என்பதுபோல. விரலைப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோனாள், பாடத்தின் தலைப்பிலிருந்து கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தாள், இரண்டு பத்தி தாண்டி அந்த வரிக்கு வந்து, உத்தேசமாக ஓர் இடத்தில் நிறுத்தினாள். நிறுத்திய இடம் இரண்டு சொல் தள்ளியிருந்தது.

நிறைமதி பேருந்துச் சீட்டை எடுத்து அந்தச் சொல்லுக்கு முன்னால் இருந்ததை மறைத்தாள், இன்னொரு தாளால் பின்னால் இருந்ததை மறைத்தாள். அந்த ஒற்றைச் சொல் மட்டும் வெள்ளையில் தனியாக நின்றது. குமுதாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், நேராகப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். மலை அப்போது வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. உதவிக்கு வரவில்லை.

அடுத்த குழந்தைக்கும் அப்படித்தான், அதற்கடுத்த குழந்தைக்கும் அப்படித்தான். கேட்டால் முழுப் புத்தகத்தையும் ஒப்பிக்கும், காட்டினால் ஒரு சொல் தெரியாது. கீழே போன மூன்று பேருக்கும் என்ன நடந்திருக்கும் என்பது நிறைமதிக்கு அந்தப் பாயிலேயே விளங்கிவிட்டது. யாரோ ஒரு புதிய புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்து எழுந்து படி என்று சொல்லியிருப்பார்கள், எதிரே மலை இருந்திருக்காது, சுவர்தான் இருந்திருக்கும். இப்படியே விட்டால் ஆனி மாதம் குமுதாவும் எழுந்து நிற்பாள், ஆடி மாதம் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு திரும்பி வருவாள், அதோடு சரி.

மதியம் அங்கம்மா கலவைச்சோறும் முட்டையும் பரிமாறினாள். குமுதா தட்டைத் தொடவில்லை.

"டீச்சரு, எனக்குப் படிக்க வராதா?"

அப்படிக் கேட்கிற குழந்தையிடம் பொய் சொல்வது சுலபம், எத்தனையோ பேர் அன்பினால் சொல்லியிருக்கிறார்கள். நிறைமதி சொல்லவில்லை. "உனக்குச் சொல்ல வரும். படிக்க இன்னும் வரல. படிச்சா வரும்" என்றாள். குமுதா எழுந்து வீட்டுக்கு ஓடினாள், கொஞ்ச நேரத்தில் பொன்னுசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது.

"வந்த அன்னிக்கே எம் பொண்ணுக்குப் படிப்பு வரலன்னு சொன்னீங்களாமே?"

"ஆமாங்க அண்ணா. யாருக்குமே வரல."

"அப்ப எங்க மலை தப்பாச் சொல்லித் தருதுங்கறீங்களா?"

நிறைமதி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். "மலை ஒரு எழுத்துகூடத் தப்பாச் சொல்லலீங்க. அது மாதிரி என்னால சொல்லவே முடியாது. ஆனா அது காதால கேட்டதைத்தானே சொல்லுது? அது புத்தகத்தைப் பாத்ததே இல்லையே அண்ணா. அத்தனை தூரத்துல இருந்து அதுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் பள்ளத்துக்கு அந்தப்பக்கம் பார்த்தார்கள். உண்மையிலேயே தூரம்தான்.

பொன்னுசாமி துண்டை உதறி வாசற்படியில் விரித்து உட்கார்ந்தார். "நாலரைக்கு வளைவுலேர்ந்து பஸ்ஸு கெளம்பும். அதுக்குள்ள எம் பொண்ணு ஒரே ஒரு வரி, மலை சொல்லாத வரி, படிச்சுக் காட்டட்டும். இல்லன்னா நான் போயி பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன், நீங்க ஏறிக்குங்க."

ஒரு மத்தியானத்தில் எழுத்துத் தெரியாத குழந்தையைப் படிக்கவைக்கச் சொன்னால் கைதேர்ந்த ஆசிரியர்களே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு இல்லை என்பதை அந்தச் சின்னப் பெண் கண்டுகொண்டாளே, அங்கேதான் எனக்கு அவள்மேல் பெரிய மதிப்பு. சொல்லெல்லாம் அவர்கள் காதில் இருக்கிறது. கண்ணில் இல்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டும்.

"மத்தியானம் மலை என்ன பாடம் நடத்தும்?" என்று அங்கம்மாவைக் கேட்டாள்.

"சின்னப் புள்ளைங்களுக்கு ஒண்ணாவதுல வர்ற மழைப் பாடம் டீச்சரு. மெதுவாச் சொல்லும்."

மெதுவாக என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பாடத்தின் நான்கு வரிகளைக் கரும்பலகையில், சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி விட்டுப் பெரிதாக எழுதினாள். மலை மேல் மழை பெய்தது. மழை ஆற்றுக்கு வந்தது. வள்ளி பள்ளிக்கு ஓடினாள். ஆடு இலை தின்றது. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளை ஜன்னல் பக்கமிருந்து பலகைப் பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். "இப்ப யாரும் சொல்லக் கூடாது. மலை சொல்லும். நீங்க குச்சியை மட்டும் பாருங்க."

மலை தொடங்கியது. மலை, என்றபோது குச்சி முதல் சொல்லில் இருந்தது. மேல், என்றபோது நகர்ந்தது. மழை, என்றபோது நகர்ந்தது. மலை இருமியது, குச்சி அந்தரத்தில் நின்றது, பிள்ளைகள் சிரித்தார்கள். இருமலுக்கு எழுத்து இல்லை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தேவசகாயம் சாருக்கு ஒரே வரியைப் பலமுறை சொல்லும் பழக்கம், அதனால் மலைக்கும் அந்தப் பழக்கம், வரி திரும்பத் திரும்ப வந்தது, குச்சி திரும்பத் திரும்பப் போனது. பிறகு குச்சியைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். ஒவ்வொருவராக வந்து மலையின் வாய்க்கு ஏற்றபடி சொல்லைத் தொட்டார்கள். குமுதா இரண்டு முறை முந்திக்கொண்டாள், மூன்றாவது முறை காத்திருந்து தொட்டாள்.

அடுத்து அங்கம்மா வீட்டுப் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அதே வரிகளை எழுதிச் சொல் சொல்லாக வெட்டினாள். அறையை மூன்றாகப் பிரித்தாள். வாண்டுகளுக்குப் புளியங்கொட்டையைக் கொட்டி, தரையில் தான் வரைந்த ம என்ற எழுத்தின்மேல் வரிசையாக அடுக்கச் சொன்னாள், அடுக்கியதன்மேல் விரலை ஓட்டிச் சொல்லச் சொன்னாள். நடுத்தரப் பிள்ளைகளுக்குத் துண்டுச் சொற்களைக் கொடுத்துப் பலகையில் இருப்பதற்கு நேராக ஒட்டிப் பார்க்கச் சொன்னாள். பெரியவர்களுக்கு, பலகையைப் பார்க்காமல், கலைந்த துண்டுகளிலிருந்து வரியைச் சேர்க்கச் சொன்னாள். ஒரு கூட்டத்துக்குக் கைவேலை கொடுத்துவிட்டு இன்னொரு கூட்டத்தின் பக்கத்தில் உட்காருவது, அங்கே சிக்கல் தீர்ந்ததும் எழுந்து இங்கே வருவது, யாரையும் சும்மா விடாதது, ஐந்து வகுப்பை ஓர் ஆள் பார்ப்பது என்றால் அதுதான். அவள் கத்தவில்லை. ஒவ்வொரு காதுக்குப் பக்கத்திலும் மெதுவாகப் பேசினாள். அந்த அறையில் அப்படி ஒரு சத்தமில்லாத சுறுசுறுப்பு அதுவரை இருந்ததில்லை. பொன்னுசாமி வாசற்படியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் இழுத்துக்கொண்டார்.

குமுதா மலையையும் மழையையும் மாற்றி மாற்றி வைத்தாள். நிறைமதி இரண்டு துண்டுகளையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போட்டாள். "எது ஒரே மாதிரி இருக்கு? எது வேற?" குமுதா உற்றுப் பார்த்தாள், முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது வேறு. லை. ழை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இலையில் இருப்பதும் இதே லைதான் என்று அவளாகவே இலைத் துண்டைத் தேடி எடுத்தாள். அந்த இடத்தில் நிறைமதி வாயைத் திறக்காமல் இருந்தாள். ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டமான வேலை.

மணி மூன்றரை ஆனது. பொன்னுசாமி எழுந்து துண்டை உதறினார். குமுதா துண்டுகளைக் கலைத்துவிட்டு, மூன்றை மட்டும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று சிரித்தாள். சத்தமாக, தனியாக, யாரும் எதுவும் சொல்லாதபோது சிரித்தாள்.

"என்னடி சிரிக்கிற?" என்றார் அப்பா.

அவள் முதல் துண்டில் விரலை வைத்தாள். உச்சிக்குப் போகவில்லை, ஓடவில்லை. "ம…லை." அடுத்தது. "ப…ள்…ளி…க்கு." அங்கே திக்கினாள், திரும்ப வந்தாள். அடுத்தது. "வ…ந்…த…து." மூச்சு வாங்கிக்கொண்டு, எழுந்து, ஜன்னலுக்கு ஓடி, பள்ளத்தைப் பார்த்து முழுக்குரலில் சொன்னாள்: "மலை பள்ளிக்கு வந்தது!"

மலை நின்றது. பள்ளி நேரத்தில், பாடத்துக்கு நடுவில், முதல்முறையாக வாயடைத்து நின்றது. சாமைக் காட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தண்ணீருக்குப் போன மாடுகள் பாதி வழியில் நின்று காதை ஆட்டின. அங்கம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். மலை யோசிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு அந்தப்பக்கத்திலிருந்து, தேவசகாயம் சாரின் குரலில் இல்லாமல், குமுதாவின் குரலிலும் இல்லாமல், அதுவரை யாரும் கேட்டிராத ஒரு கனத்த கூச்சமான குரலில், பள்ளிக்கு என்ற இடத்தில் அவளைப் போலவே திக்கி, அது சொன்னது: "ம…லை ப…ள்…ளிக்கு… வந்தது."

பொன்னுசாமி படியில் உட்கார்ந்துவிட்டார். மகளைக் கூப்பிட்டார், துண்டுகளை எடுத்துவரச் சொன்னார், மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுல மலை எது?" என்று கேட்டார். குமுதா காட்டினாள். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். கீழே வளைவில் பேருந்து இரண்டு முறை ஒலி எழுப்பியது.

"பஸ்ஸு வந்துருச்சுங்க அண்ணா" என்றாள் நிறைமதி.

"வந்தா போவட்டும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "ஏ அங்கம்மா, டீச்சருக்குத் தங்க உங்கூட்டுப் பக்கத்து ரூமைக் கூட்டி வையி."

மறுநாள் ஒன்பதரைக்கு மலை செருமவில்லை. பிள்ளைகள் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பாயில் தலை வாரி, திருநீறு பூசி, மீசை அரும்பிய மூன்று பையன்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள், ஆடுகளை வெளியே கட்டியிருந்தார்கள். நிறைமதி பெயர்களைக் கூப்பிட்டாள், ஒவ்வொருவரும் உள்ளேன் டீச்சர் என்றார்கள். குமுதாவின் பெயர் கடைசி. அவளும் சொன்னாள். நிறைமதி நிமிர்ந்தாள், சொல்லிக்கொடுக்கத் தொடங்குவதற்காக வாயைத் திறந்தாள், ஏதோ தோன்றி ஒரு கணம் பொறுத்தாள்.

பள்ளத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்து, தாமதமாக வந்து வாசலில் நிற்கிற பிள்ளையைப் போல, அந்தக் கனத்த குரல் மெல்லச் சொன்னது:

"உள்ளேன் டீச்சர்."